கணக்கை மூடுவது வேறு, கதவைப் பூட்டுவது வேறு

இங்கிலாந்தில் லெஸ்டர் போன்ற ஒரு நகரம். நாற்பத்தொரு வயதுக்காரர், கிடங்கில் இரவு ஷிஃப்ட் வேலை. வீடு வாங்க முன்பணம் கட்டுவதற்காக ஒன்பது ஆண்டுகள் சேர்த்த 31,600 பவுண்டு பதினான்கு மாதங்களில் பந்தயத்தில் கரைந்துவிட்டது. முதலில் கால்பந்து ஆட்டங்களின் மேல் ஐந்தும் பத்துமாகக் கட்டினார். பிறகு அதே செயலியில் இருந்த சுழல் ஆட்டங்களுக்குப் போனார். கடைசி 4,000 பவுண்டு ஒரே இரவில் போனது. விடிகாலை நாலு மணிக்கு அவர் பந்தய நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுகிறார்.

இந்த மனிதரும் அவருடைய தொகைகளும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. ஆனால் அந்த நேரத்தில் எழுதப்படும் கடிதம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

“ஐயா, என்னால் இனிமேல் முடியாது. என் பணம் எல்லாம் போய்விட்டது. என் மனைவிக்கு இன்னும் தெரியாது. தயவுசெய்து என் கணக்கை மூடிவிடுங்கள். நான் இனி விளையாட மாட்டேன். கொஞ்சம் பணத்தையாவது திருப்பித் தர முடியுமா?”

படித்தால் மனம் கலங்குகிறது. ஆனால் வேலை செய்யக்கூடிய கடிதம் இது இல்லை. அவர் கேட்க நினைத்தது ஒன்று, எழுதியது இன்னொன்று. “கணக்கை மூடுங்கள்” என்றால் நிறுவனம் மூடிவிடலாம். மூன்று வாரம் கழித்துச் சம்பளம் வந்த இரவில் அவரே உள்ளே நுழைந்து “திறந்துவிடுங்கள்” என்று கேட்டால் திறந்தும்விடலாம். மூடிய கணக்கு சாத்திய கதவு மாதிரி. தாழ்ப்பாள் உள்பக்கமே இருக்கிறது. அவருக்குத் தேவைப்பட்டது அவராலேயே திறக்க முடியாத பூட்டு. அதற்குப் பிரிட்டனில் ஒரு பெயர் இருக்கிறது: செல்ஃப் எக்ஸ்க்ளூஷன். தமிழில் சுயவிலக்கு எனலாம். என்னை வாடிக்கையாளராக ஏற்காதீர்கள், நானே வந்து கெஞ்சினாலும் ஏற்காதீர்கள் என்று ஒருவர் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது.

கணக்கை மூடுவதற்கும் சுயவிலக்குக்கும் நடுவே இன்னொன்றும் உண்டு. அதை டைம் அவுட் என்பார்கள். ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம், அதிகபட்சம் ஆறு வாரம் வரை கணக்கை நிறுத்தி வைக்கலாம். வாரக்கடைசியில் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது என்று உணர்கிறவருக்கு அது போதும். சேமிப்பு முழுவதையும் தொலைத்தவருக்கு அது ஆபத்து. ஆறாவது வாரம் முடிந்ததும் கதவு தானாகவே திறந்துகொள்ளும். செயலியில் இந்த வசதிகள் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும். நடுங்கும் விரல் எதை அழுத்துகிறது என்பதில் ஒருவருடைய அடுத்த ஆறு மாதம் அடங்கியிருக்கிறது. அதனால்தான் பொத்தானை அழுத்தினாலும்கூட, எழுத்திலும் ஒரு கடிதம் இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

எழுத்துக்கு அப்படி என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும்.

2006-ஆம் ஆண்டு. வடகிழக்கு இங்கிலாந்தில் பந்தய நாய்களைப் பழக்கும் ஓர் இளைஞர் வில்லியம் ஹில் நிறுவனத்தில் தொலைபேசி வழியாகப் பந்தயம் கட்டிவந்தார். தன் கை தன்னிடம் இல்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அந்தக் கோடையில் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி, தன்னை ஆறு மாதத்துக்கு விலக்கி வைக்கும்படி கேட்டார். மறுமுனையில் இருந்த ஊழியர் செய்துவிடுவதாகச் சொன்னார். ஆனால் அந்த விலக்கு நடைமுறைக்கு வரவே இல்லை. ஆகஸ்டில் அவர் மறுபடி பந்தயம் கட்டத் தொடங்கினார். யாரும் தடுக்கவில்லை. அந்தச் செப்டம்பரில் ரைடர் கோப்பை கோல்ஃப் போட்டியில் அமெரிக்கா வெல்லும் என்று ஒரே பந்தயத்தில் 3,47,000 பவுண்டு கட்டினார். வென்றது ஐரோப்பா. ஆண்டு முடிவதற்குள் இழப்பு இருபது லட்சம் பவுண்டைத் தாண்டியது.

அவர் வழக்குப் போட்டார். 2008 மார்ச்சில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சூதாட்டப் பழக்கத்துக்கு ஆளான ஒருவரை அவரிடமிருந்தே காப்பாற்றும் பொதுவான கடமை பந்தய நிறுவனத்துக்கு இல்லை என்றார் நீதிபதி. ஆனால் இவரிடம் ஆறு மாதம் விலக்கி வைப்போம் என்று வாக்குக் கொடுத்ததால், அந்த அளவுக்கு ஒரு பொறுப்பை நிறுவனம் தன் தலையில் ஏற்றுக்கொண்டது, அதிலிருந்து தவறியும்விட்டது என்று ஏற்றுக்கொண்டார். அதோடு நின்றிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். நீதிபதி இன்னொரு கேள்வியையும் கேட்டார். நிறுவனம் வாக்கைக் காப்பாற்றியிருந்தால் இந்தப் பணம் தப்பியிருக்குமா? தப்பியிருக்காது, அவர் வேறொரு பந்தயக்காரரிடம் போய் அழிந்திருப்பார் என்று முடிவுசெய்தார். வழக்கு தோற்றது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஒரு மனிதன் தன்னைக் கட்டிப்போடச் சொல்லிக் கேட்டிருக்கிறான். கட்டுகிறேன் என்றவர்கள் கட்டவில்லை. கடைசியில், கட்டியிருந்தாலும் நீ ஓடியிருப்பாய் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கடிதம் எழுதப் போகிறவருக்கு அந்தத் தீர்ப்பு இரண்டு காரியங்களைக் காட்டித் தருகிறது. கேட்டதும் ஒப்புக்கொண்டதும் தெளிவாக, தேதியோடு, எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் கதவை மட்டும் பூட்டினால் போதாது.

அந்த இளைஞர் தொலைபேசியில் பேசியபோது பிரிட்டனின் 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. 2007 செப்டம்பரில்தான் வந்தது. அதன்பின் நிலைமை மாறியது. சூதாட்ட ஆணையம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உரிமம் கொடுக்கிறது. அந்த உரிமத்தின் நிபந்தனைகளில் சுயவிலக்கும் ஒன்று. வாடிக்கையாளர் கேட்டால் நிறுவனம் மறுக்க முடியாது. கணக்கை மூட வேண்டும், அதில் மீதமிருக்கும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், மறுபடி நுழையவிடாமல் தடுக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும், விளம்பரப் பட்டியலிலிருந்து இரண்டு நாளுக்குள் பெயரை எடுத்துவிட வேண்டும். ஆகவே நம்முடைய கிடங்குத் தொழிலாளி எழுதும் கடிதம் இன்று ஒரு மன்றாட்டாக இருக்க வேண்டியதில்லை. அது ஓர் உரிமையைப் பயன்படுத்தும் அறிவிப்பு. அந்தத் தொனியில்தான் எழுத வேண்டும்.

அவருடைய கடிதத்தைத் திருத்தி எழுதினால் இப்படி வரும். அனுப்புவது ஆங்கிலத்தில்தான், பொருளைத் தமிழில் தருகிறேன்.

“பொருள்: சுயவிலக்கு அறிவிப்பு – இன்றே செயல்படுத்தவும்.

என் முழுப் பெயர், பிறந்த தேதி, தற்போதைய முகவரி, இதற்கு முன் குடியிருந்த முகவரி, உங்களிடம் பதிவான மின்னஞ்சலும் கைபேசி எண்ணும், கணக்கின் பயனர் பெயர் ஆகியவற்றைக் கீழே கொடுத்திருக்கிறேன். எனக்கு வேறு மின்னஞ்சல் முகவரிகளும் உண்டு, அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

சூதாட்டம் என் கட்டுப்பாட்டை மீறிவிட்டது. என் சேமிப்பை இழந்துவிட்டேன். அதனால் சுயவிலக்கு கேட்கிறேன். இது சாதாரணமாகக் கணக்கை மூடும் கோரிக்கையோ தற்காலிக நிறுத்தமோ அல்ல.

இந்த விலக்கு நிரந்தரமாக இருக்க வேண்டும். நிரந்தர விலக்கு உங்கள் நடைமுறையில் இல்லையென்றால், நீங்கள் அளிக்கும் மிக நீண்ட காலத்துக்கு விலக்கி, அந்தக் காலம் எதுவென்று எழுத்தில் தெரிவியுங்கள்.

உங்கள் உரிமத்தின் கீழ் நடக்கும் எல்லாத் தளங்களுக்கும், செயலிகளுக்கும், தொலைபேசிப் பந்தயத்துக்கும் இது பொருந்த வேண்டும். உங்கள் குழுமத்தின் மற்ற நிறுவனங்களையும் சேர்க்கக் கேட்கிறேன். சேர்க்க முடியாதவை எவை என்று எனக்குப் பட்டியல் தாருங்கள்.

கணக்கில் மீதி இருந்தால் என் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். மின்னஞ்சல், குறுஞ்செய்தி, அஞ்சல், தொலைபேசி எதன் வழியாகவும் சலுகையோ விளம்பரமோ அனுப்ப வேண்டாம். என்னை அடையாளம் கண்டு தடுப்பதற்குத் தேவையான விவரங்களை வைத்துக்கொள்ள எனக்குச் சம்மதம்.

விலக்கு தொடங்கிய தேதியையும் முடியும் தேதியையும் குறிப்பிட்டு இந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்புங்கள்.”

அவ்வளவுதான். மனைவிக்குத் தெரியாது என்ற வரி இதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கும் வரியும் இல்லை. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சூதாட்டம் கட்டுப்பாட்டை மீறிவிட்டது என்ற வாக்கியம்தான் இந்தக் கடிதத்தின் ஆணிவேர். பலர் வெட்கத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். “நேரமில்லை”, “வேறு ஊருக்குப் போகிறேன்” என்று ஏதோ காரணம் எழுதுகிறார்கள். அப்போது நிறுவனம் அதைச் சாதாரண மூடுதலாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. பின்னாளில் தகராறு வந்தாலும், எங்களுக்குப் பிரச்சினை இருந்ததே தெரியாது என்று சொல்லலாம். அந்த ஒரு வாக்கியம் எழுத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால் அப்படிச் சொல்ல முடியாது. கதை முழுவதையும் சொல்லத் தேவையில்லை. ஒரு வாக்கியம் போதும்.

எல்லாத் தளங்களுக்கும் பொருந்த வேண்டும் என்ற வரிக்குப் பின்னால் ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் சூதாட்ட ஆணையம் 888 என்ற இணையச் சூதாட்ட நிறுவனத்துக்கு 78 லட்சம் பவுண்டு தண்டம் விதித்தது. அந்த நிறுவனத்தின் கேசினோ, போக்கர், விளையாட்டுப் பந்தயத் தளங்களில் தங்களை விலக்கிக்கொண்ட 7,000-க்கும் மேற்பட்டவர்கள், தொழில்நுட்பக் கோளாறு காரணமாக அதே நிறுவனத்தின் பிங்கோ தளத்தில் தங்கள் கணக்குகளுக்குள் நுழைய முடிந்தது. பதின்மூன்று மாதத்துக்கு மேல் இது நடந்தது. அவர்கள் அங்கே கட்டிய பணம் 35 லட்சம் பவுண்டு. முன்கதவைப் பூட்டச் சொன்னவர்களுக்குக் கொல்லைக் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. ஒரு நிறுவனம் பத்துப் பெயர்களில் தளம் நடத்தலாம். எந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று ஆட்டக்காரருக்குத் தெரியாது. நிறுவனத்துக்குத் தெரியும். அதனால் பட்டியல் கேட்பது அவர் வேலை, கொடுப்பது அவர்கள் வேலை.

அடையாள விவரங்களைப் பற்றி ஒரு சிறு குழப்பம் அடிக்கடி வருகிறது. கோபத்தில் சிலர் “என்னைப் பற்றிய எல்லாத் தகவலையும் அழித்துவிடுங்கள்” என்று எழுதுகிறார்கள். ஐரோப்பியத் தரவுச் சட்டங்களால் பழகிப்போன வாசகம் அது. இங்கே அது நேர் எதிரான வேலையைச் செய்யும். யார் என்றே தெரியாதவரை எப்படித் தடுப்பது? நிறுவனத்தின் கணினி ஒருவரைப் பெயர், பிறந்த தேதி, முகவரி, மின்னஞ்சல் ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் அடையாளம் காண்கிறது. ஆறு மாதம் கழித்து வேறு மின்னஞ்சலில், பெயரின் எழுத்துக்கூட்டலை மாற்றி அவர் புதிய கணக்குத் தொடங்கினால் கணினி ஏமாறலாம். நம் ஊர்ப் பெயர்களுக்கு இந்தக் கவலை இன்னும் அதிகம். தந்தை பெயர் ஓர் ஆவணத்தில் முன்னாலும் இன்னோர் ஆவணத்தில் பின்னாலும் இருக்கும். பிரிட்டனில் இருக்கும் தமிழர் ஒருவர் இந்தக் கடிதத்தை எழுதினால், தம் பெயர் எந்தெந்த வடிவங்களில் பதிவாகியிருக்கிறதோ அத்தனையையும் எழுதிவிடுவது நல்லது. பின்னால் தப்பி ஓட நினைக்கப்போகிற தன்னையே தேடிப் பிடிக்க, இன்றே அங்க அடையாளம் எழுதிக் கொடுப்பது இது.

பணத்தைத் திருப்பிக் கேட்கும் வரியை ஏன் எடுத்துவிட வேண்டும்? கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. தனிக் கடிதமாகக் கேட்க வேண்டும். இரண்டையும் கலந்தால் கடிதம் புகார்ப் பிரிவுக்குப் போய், அங்கே வாரக்கணக்கில் பேச்சுவார்த்தை நடக்கும். விலக்கு நடுவில் தொங்கும் ஆபத்து இருக்கிறது. கூடவே, பணம் வரும் என்ற நம்பிக்கை ஆட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே இருப்பதுதான். அது இருக்கும்வரை மனம் அந்த நிறுவனத்தைவிட்டு வெளியே வராது. முதலில் பூட்டு, பிறகு கணக்கு வழக்கு.

அந்தப் பிறகு எப்படி என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவலின் நகலைக் கேட்கும் உரிமை பிரிட்டனில் எவருக்கும் உண்டு. கட்டணம் கிடையாது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினார், எப்போது சலுகை அனுப்பினார்கள், யாராவது அவரிடம் பேசிப் பார்த்தார்களா என்பதெல்லாம் அதில் வரும். அதை வைத்துப் புகார் கொடுக்கலாம். எட்டு வாரத்தில் முடிவு வராவிட்டால், அல்லது வந்த முடிவு திருப்தியில்லை என்றால், நிறுவனம் குறிப்பிடும் நடுவர் அமைப்புக்குப் போகலாம். ஐபாஸ் என்பது அவற்றில் பெரியது, வாடிக்கையாளருக்கு அங்கே செலவில்லை. சூதாட்ட ஆணையம் நிறுவனத்தைத் தண்டிக்கும், தனிமனிதருக்குப் பணம் வாங்கித் தராது. விலக்குக்கு முன்னால் தானாக விரும்பிக் கட்டித் தோற்ற பணம் திரும்புவது அரிது. விலக்குக்குப் பின் நிறுவனம் கோட்டைவிட்டு ஆடவிட்ட பணத்துக்கு வாதம் வலுவாக இருக்கும். அந்த வலுவும் முதல் கடிதத்தின் தேதியிலிருந்துதான் பிறக்கிறது.

இனி நிரந்தரம் என்ற சொல்லுக்கு வருவோம். கடிதத்திலேயே கனமான சொல் அதுதான்.

பிரிட்டன் விதிகளில் சுயவிலக்கின் குறைந்தபட்சக் காலம் ஆறு மாதம். வாடிக்கையாளர் கேட்டால் ஐந்தாண்டு வரையாவது நீட்டிக்க வேண்டும். நிரந்தர விலக்கு கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி சொல்லவில்லை. கொடுக்கிற நிறுவனங்களும் உண்டு. ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் விதி ஓரளவு கருணையோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. தேர்ந்தெடுத்த காலம் முடிந்ததும் இணையக் கணக்கு தானாகத் திறந்துவிடாது. அவராக வந்து கேட்காதவரை ஏழு ஆண்டுகளுக்காவது விலக்கு அப்படியே நீடிக்க வேண்டும். கேட்பதானாலும் தொலைபேசியிலோ நேரிலோ கேட்க வேண்டும். இணையத்தில் மறுபடி பதிவு செய்தால் போதாது. கேட்டபிறகும் ஒரு நாள் பொறுத்திருக்க வேண்டும். ஆக, காலம் முடிந்தபின் இருப்பது பூட்டில்லாத கதவு, ஆனால் தள்ளினால்தான் திறக்கும்.

மற்ற நாடுகள் இதை வேறு மாதிரி செய்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2023 ஆகஸ்டில் தொடங்கிய பெட்ஸ்டாப் என்ற தேசியப் பதிவேட்டில் மூன்று மாதத்திலிருந்து ஆயுள் முழுவதும் வரை தேர்ந்தெடுக்கலாம். அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 1996-இல் சூதாட்ட விடுதிகளுக்கான விலக்குப் பட்டியலைத் தொடங்கியபோது அது ஆயுள்தண்டனை மாதிரிதான் இருந்தது. பெயர் கொடுத்தவர் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். பின்னாளில் ஐந்தாண்டு கழித்துப் பெயரை நீக்கக் கேட்கலாம் என்று தளர்த்தினார்கள். எவ்வளவு காலம் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆயுளுக்கும் என்றால் சிலர் பயந்து கையெழுத்தே போடமாட்டார்கள் என்பது ஒரு வாதம். அது எனக்குப் புரிகிறது. ஆனால் கேட்கிற மனிதர் தானே முன்வந்து நிரந்தரம் என்று எழுதும்போது, இல்லை ஐந்து ஆண்டு போதும் என்று சொல்ல ஒரு நிறுவனத்துக்கு எந்த நியாயமும் இல்லை என்பதே என் கருத்து. குடிப்பதை விட்டவரிடம் ஐந்து ஆண்டு கழித்து வாருங்கள், பாட்டில் எடுத்து வைத்திருக்கிறோம் என்று எந்தக் கடைக்காரரும் சொல்லக்கூடாது.

கடிதம் போய்விட்டது. அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில், பதிலில் சுயவிலக்கு என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் கணக்கு மூடப்பட்டது, மீண்டும் வர விரும்பினால் தொடர்புகொள்ளுங்கள் என்று வந்தால் அவர்கள் சாதாரண மூடுதலைத்தான் செய்திருக்கிறார்கள். அதே மின்னஞ்சல் தொடரில், நான் கேட்டது இது அல்ல என்று மறுநிமிடமே எழுத வேண்டும். இரண்டாவது, அறிவிப்பு போய்ச் சேர்ந்து இரண்டு நாளுக்குப் பிறகும் சலுகைச் செய்தி வருகிறதா என்று கவனிக்க வேண்டும். இலவசப் பந்தயம் காத்திருக்கிறது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தால்கூட அதை அழிக்காமல் படம் பிடித்து வைக்க வேண்டும். எங்கோ ஒரு பட்டியலில் பெயர் இன்னும் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. பூட்டு விழுந்ததா என்று சோதிப்பதற்காக உள்ளே நுழைந்து பணம் கட்டிப் பார்ப்பதை மட்டும் செய்யவே கூடாது. சோதனை என்று தொடங்கியது ஆட்டமாக முடியும்.

இவ்வளவும் ஒரு நிறுவனத்துக்கு. அந்த நாய்ப் பயிற்சியாளரின் வழக்கு நினைவிருக்கட்டும்: அவர் வேறிடம் போயிருப்பார் என்பதுதான் தீர்ப்பின் சாரம். இன்று அந்த வேறிடங்களையும் பூட்ட ஒரு வழி இருக்கிறது. 2018-இல் தொடங்கிய கேம்ஸ்டாப் என்ற இலவச அமைப்பில் ஒருமுறை பதிந்தால், பிரிட்டன் உரிமம் பெற்ற எல்லா இணைய நிறுவனங்களும் அவரைத் தடுக்க வேண்டும். 2020 மார்ச் 31 முதல் இதில் சேருவது நிறுவனங்களுக்குக் கட்டாயம். ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என்று காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இடையில் யார் அழுதாலும் ரத்து செய்யமாட்டார்கள். முழுமையாக நடைமுறைக்கு வர ஒரு நாள் வரை ஆகலாம். வீடு மாறினால், கைபேசி எண் மாறினால் அங்கே திருத்த வேண்டும், இல்லாவிட்டால் பூட்டு தளர்ந்துபோகும்.

கேம்ஸ்டாப் இணையத்தோடு நின்றுவிடும். தெருமுனைப் பந்தயக் கடைக்குத் தனித் திட்டம், கேசினோ விடுதிகளுக்குத் தனித் திட்டம். கடைகளுக்கான திட்டத்தில் புகைப்படம் கொடுக்க வேண்டும். முகத்தைப் பார்த்துத்தான் ஊழியர் அடையாளம் காண்கிறார் என்பதால் அந்தப் பூட்டு கொஞ்சம் பலவீனமானது. உரிமம் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்களை இவை எதுவும் தொடாது. கேம்ஸ்டாப்பில் இல்லாத தளம் என்றே விளம்பரம் செய்து, தப்பி வந்தவரைத் தேடிப் பிடிக்கும் தளங்கள் அவை. அங்கே கடிதம் எழுதிப் பயனில்லை. பணம் போகும் வழியைத்தான் அடைக்க வேண்டும். பிரிட்டனின் பெரிய வங்கிகள் பலவற்றில் அட்டையில் சூதாட்டத் தடை என்ற வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் 7995 என்ற வணிகக் குறியீட்டோடு வரும் பணக் கோரிக்கை நிராகரிக்கப்படும். தடையை எடுக்க நினைத்தாலும் பல வங்கிகளில் இரண்டு நாளோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். சபலம் பெரும்பாலும் அந்த இரண்டு நாளைத் தாண்டாது. வேறு பெயரில் பணம் வாங்கும் திருட்டுத் தளங்கள் இதிலும் நழுவும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்தியாவில் இருக்கும் வாசகருக்கு ஒரு வார்த்தை. இங்கே 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்துவிட்டது. இன்னும் கள்ளத்தனமாக நடக்கும் செயலிகளுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதினால், அவர்களைக் கட்டுப்படுத்த உரிமம் என்று ஒன்று கிடையாது. நம்மைப் பற்றிய விவரங்களை அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்ததாகத்தான் முடியும்.

உங்கள் தம்பியோ மருமகனோ பிரிட்டனில் இருந்து, ஒரு நாள் விடிகாலையில் கூப்பிட்டு எல்லாம் போய்விட்டது என்று அழுதால், எவ்வளவு போச்சு, ஏன் போச்சு என்று அப்போது விசாரிக்க வேண்டாம். தொலைபேசியை வைக்காமல் கூடவே இருந்து மூன்று காரியத்தை முடிக்க வையுங்கள்: கேம்ஸ்டாப் பதிவு, வங்கித் தடை, இந்தக் கடிதம். பேச்சில் உயிரை வெறுத்த தொனி தெரிந்தால் இந்த மூன்றும் காத்திருக்கலாம். அவரைத் தனியே விடாமல் பக்கத்தில் ஆள் வர ஏற்பாடு செய்யுங்கள். அங்கே தேசியச் சூதாட்ட உதவி எண் 0808 8020 133. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் எடுக்கிறார்கள்.